சிவப்பு லைட் எத்தனை தரம் மின்னுகிறது? எண்ணிவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

டீவியைப் போடுகிறோம். படம் இல்லை. சத்தமும் இல்லை. கீழே இருக்கிற சின்னச் சிவப்பு லைட் மட்டும் விட்டு விட்டு மின்னுகிறது. இடி மின்னல் காலம் தொடங்கினால் எங்கள் ஊரில் இந்த முறைப்பாடு அடிக்கடி காதில் விழும். விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள் என்றதால் என்னிடமும் கேட்பார்கள். நான் டீவி திருத்துகிறவன் இல்லை. ஆனால் திருத்துகிறவரிடம் கொண்டு போவதற்கு முன்னால் வீட்டில் என்ன பார்க்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதைச் சொல்ல முடியும்.

வழமையாக மூன்றில் ஒன்று நடக்கிறது. பிளக்கைக் கழற்றிக் கழற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். அல்லது வீட்டுப் பொடியன் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு பின்மூடியைத் திறப்பான். அல்லது கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், "பெனல் போயிட்டு, புதுசு ஒண்டு எடுங்க" என்ற பதிலோடு திரும்பி வருவார்கள். மூன்றிலும் அந்த லைட் என்ன சொல்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

முதலில் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ளுங்கள். லைட் மின்னுகிறது என்றாலே உங்களுக்கு ஒரு நல்ல செய்தி கிடைத்துவிட்டது. சுவரிலிருந்து கரண்ட் டீவிக்குள் போகிறது. பிளக்குக்குள் இருக்கிற ஃபியூஸ் போகவில்லை. டீவிக்குள் இருக்கிற ஃபியூஸும் போகவில்லை. இவற்றில் ஒன்று போயிருந்தால் லைட்டே எரியாது.

டீவிக்குள் பவர் போர்ட் என்று ஒரு பலகை இருக்கிறது. சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட்டை அது சின்னச் சின்ன அழுத்தங்களாக மாற்றிக் கொடுக்கிறது. அதற்கு இரண்டு வேலை. ஒன்று, டீவி தூங்கும்போதும் ரிமோட்டுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்க ஒரு சின்ன மின் வழங்கல். பல டீவிகளில் இது 5 வோல்ட் அளவில் இருக்கும். மற்றது, நாங்கள் பட்டனை அமத்தியதும் எழும்புகிற பெரிய வழங்கல். மெயின் போர்டுக்கு 12 வோல்ட் போல ஒன்றும், திரைக்குப் பின்னால் இருக்கிற பேக்லைட் விளக்குகளுக்கு அதைவிடக் கூடிய அழுத்தம் ஒன்றும் இதிலிருந்து போகும். லைட் மின்னும்போது சின்ன வழங்கல் உயிரோடு இருக்கிறது, மெயின் போர்டில் இருக்கிற கட்டுப்பாட்டுச் சிப்பும் விழித்திருக்கிறது. பெரிய வழங்கலிலோ அதற்குப் பின்னால் உள்ள ஏதோ ஒன்றிலோ பிழை கண்டு, "எழும்ப மாட்டேன்" என்று அந்தச் சிப் சொல்கிறது. வாயில்லாததால் லைட்டால் சொல்கிறது.

எல்லா மின்னலும் பழுது இல்லை. ரிமோட்டை அமத்தும்போது ஒரு தரம் மட்டும் மின்னினால், "கட்டளை கிடைத்தது" என்று அர்த்தம். டீவி எழும்பும்போது கொஞ்ச நேரம் மின்னுவதும் பல டீவிகளில் சாதாரணம். சில டீவிகள் தங்கள் மென்பொருளைப் புதுப்பிக்கும்போதும் மின்னும். அந்த நேரம் பிளக்கை இழுத்தால் நல்ல டீவி உண்மையாகவே பழுதாகலாம். ஆகவே முதல் தடவை மின்னுவதைக் கண்டால் ஒரு கால் மணித்தியாலம் சும்மா விட்டுப் பாருங்கள். கருகிய மணம் இல்லாவிட்டால் மட்டும்தான் அப்படி விடலாம். மணம் வந்தால் உடனே சுவர் சுவிட்சை நிற்பாட்டுங்கள்.

கால் மணித்தியாலத்துக்குப் பிறகும் மின்னுகிறதென்றால் அது இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, கூட்டம் கூட்டமாக மின்னும். நாலு தரம் மின்னி, கொஞ்சம் நின்று, திரும்பவும் நாலு தரம். இது எண். மற்றது, இடைவெளியே இல்லாமல் ஒரே சீராக மின்னிக்கொண்டிருக்கும். சில டீவிகளில் ஒவ்வொரு மின்னலோடும் உள்ளேயிருந்து "டிக்" என்று ஒரு சத்தமும் வரும். அது எண் இல்லை. எழும்பப் பார்க்கிறது, முடியாமல் விழுகிறது, திரும்ப எழும்பப் பார்க்கிறது.

எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. டீவியை நிற்பாட்டி, பிளக்கைக் கழற்றி இரண்டு நிமிடம் விடுங்கள். திரும்பச் செருகி, ரிமோட்டால் இல்லாமல் டீவியிலேயே இருக்கிற பட்டனால் போடுங்கள். ரிமோட்டின் பற்றரி போயிருந்தால் அந்தச் சந்தேகமும் இதோடு தீரும். மின்னத் தொடங்கியதும் போனை எடுத்து ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். லைட்டும் தெரியவேண்டும், சத்தமும் பதியவேண்டும். கண்ணால் எண்ணினால் ஐந்தா ஆறா என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வீடியோ சண்டை பிடிக்காது. ஒரு நீண்ட இடைவெளியிலிருந்து அடுத்த நீண்ட இடைவெளி வரைக்கும் எண்ணுங்கள். முதல் கூட்டத்தை விடுங்கள், அதன் தொடக்கம் தவறியிருக்கலாம். அதற்குப் பிறகு மூன்று கூட்டமும் ஒரே எண்ணாக இருந்தால் அதுதான் எண். நீளமாக ஒன்று, குட்டையாக ரெண்டு என்று மின்னினாலோ, நிறம் மாறி மின்னினாலோ அதையும் அப்படியே எழுதுங்கள்.

இப்போது எல்லோரும் கேட்கிற கேள்வி: "ஆறு தரம் மின்னினா என்ன பழுது?" இதற்கு எல்லா டீவிக்கும் பொருந்துகிற ஒரு பதில் இல்லை. கொம்பனிக்குக் கொம்பனி வேறு. ஒரே கொம்பனியிலேயே மாதிரிக்கு மாதிரி மாறும். சோனி கொம்பனி தன் உதவிப் பக்கங்களிலேயே சிவப்பு லைட் எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ணச் சொல்கிறது. பல கொம்பனிகளின் எண் பட்டியல் திருத்துநர்களுக்கான கைநூலில்தான் இருக்கும். ஆகவே டீவியின் முதுகில் ஒட்டியிருக்கிற முழு மாதிரி இலக்கத்தோடு சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். வேறு ஒரு டீவிக்கு யாரோ சொன்ன பட்டியலை வைத்து உங்கள் டீவிக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

சரியான பட்டியல் கிடைத்தாலும் இன்னொரு கவனம் வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளை அழுகிறது. அழுத பிள்ளைதான் பிழை செய்தது என்று எந்த ஆசிரியரும் முடிவெடுப்பதில்லை. அடித்தது பக்கத்து மேசையில் இருக்கும். மின்னல் எண்ணும் அப்படித்தான். எந்த இடத்தில் பிழை உணரப்பட்டது என்று மட்டும் சொல்லும். எந்தப் பாகம் பழுது என்று சொல்லாது. "12 வோல்ட் இல்லை" என்று எண் சொன்னால், பவர் போர்ட் அதைக் கொடுக்காமல் இருக்கலாம். மெயின் போர்டில் ஒரு சிப் ஷோர்ட்டாகி, வருகிற 12 வோல்ட்டை இழுத்து விழுத்திக்கொண்டும் இருக்கலாம். எண்ணைப் பார்த்த உடனே ஒரு போர்டை வாங்கி மாற்றச் சொல்கிறவர், அழுத பிள்ளைக்கு அடி போடுகிறவர்.

இனி வீட்டில் செய்யக்கூடிய பரிசோதனைகள். எல்லாமே பின்மூடியைத் திறக்காமல் செய்வது.

முதலாவது, சுவர். டீவியை எக்ஸ்டென்ஷன் வயர், மல்டி பிளக், அடெப்டர் எதுவும் இல்லாமல் நேரே சுவர் சொக்கட்டில் செருகிப் பாருங்கள். வேறு அறையில் உள்ள சொக்கட்டாக இருந்தால் இன்னும் நல்லது. "லைட் எரியுதே, கரண்ட் வருதுதானே" என்று நீங்கள் கேட்கலாம். தூங்குகிற டீவிக்கு ஒரு வாட் அளவுகூடத் தேவைப்படாது. எழும்பியதும் 32 இஞ்சி டீவி ஒன்றே 40, 50 வாட் கேட்கும். ஆடுகிற பலகைப் பாலத்தில் கோழி நடந்து போகும், மாடு ஏறினால் இறங்கிவிடும். தளர்ந்த சொக்கட்டும் அப்படித்தான். எங்கள் வீடுகளில் பழைய வட்டப் பின் சொக்கட்டில் அடெப்டர் போட்டு, அதில் 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கைத் தொங்கவிடுவது வழக்கம். அந்த மூட்டு தளர்ந்திருந்தால் டீவி எழும்பும்போது கரண்ட் அறுந்து அறுந்து வரும். பிளக் சூடாக இருக்கிறதா, பின்கள் கறுத்திருக்கிறதா என்று கழற்றிய பிறகு பாருங்கள். அந்தச் சொக்கட்டில் போன் சார்ஜர் வேலை செய்கிறது என்பது சாட்சி ஆகாது. அதுவும் கோழிதான். ஒரு ஃபேனையோ ஸ்திரிகைப் பெட்டியையோ போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, டீவியில் தொங்குகிற எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகு டிஷ் பெட்டியிலிருந்து வருகிற வயர், அன்டெனா வயர், பென் டிரைவ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பழுதான பென் டிரைவ் ஒன்று டீவியின் 5 வோல்ட்டைக் கீழே இழுக்கலாம். இடி மின்னலுக்குப் பிறகு வந்த பழுது என்றால் டிஷ் வயர் வழியாகத் தாக்கம் வந்திருக்கவும் கூடும். எல்லாம் கழற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, வெறும் பவர் வயரோடு மட்டும் போடுங்கள். எழும்பினால் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான் ஆள். இந்த இடைவேளைக்கு இன்னொரு பயனும் உண்டு. கரண்ட் போய் வந்ததில் கட்டுப்பாட்டுச் சிப் குழம்பி நின்றிருந்தால் அதோடு தெளிந்துவிடும்.

மூன்றாவது, டோர்ச் பரிசோதனை. டீவி எழும்புகிறது, சத்தம் கேட்கிறது, அல்லது ஒரு செக்கன் வெளிச்சம் வந்து இருண்டுவிடுகிறது என்றால் இது தேவை. அறையை இருட்டாக்கி, போன் டோர்ச்சைத் திரைக்குக் கிட்டவாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படமோ மெனுவோ அசைவது தெரிந்தால் படம் உருவாகிறது, பின்னால் இருக்கிற பேக்லைட்தான் எரியவில்லை. என்னோடு படிப்பிக்கிற ஒரு ஆசிரியையின் வீட்டு டீவியில் இப்படித்தான். சத்தம் கொஞ்சம் வரும், பிறகு ஆறு ஆறாக மின்னும். டோர்ச் அடித்தபோது செய்தி வாசிப்பவரின் முகம் நிழல் போலத் தெரிந்தது. திரைக்குப் பின்னால் வரிசையாக இருக்கிற எல்ஈடி விளக்குகளில் ஒன்று போயிருந்தது. பெனல் நன்றாகத்தான் இருந்தது. பேக்லைட் பட்டிகளை மாற்றியதோடு சரி.

சில சின்ன டீவிகளுக்கு லெப்டொப் போல வெளியே ஒரு அடெப்டர் இருக்கும். அப்படியென்றால் நாலாவது பரிசோதனையும் உண்டு. அதே வோல்ட், அதே முனை, அதே அல்லது கூடிய அம்பியர் எழுதியிருக்கிற வேறொரு அடெப்டர் கிடைத்தால் மாற்றிப் பாருங்கள். எழுத்து ஒத்து வராவிட்டால் மாட்ட வேண்டாம்.

இதோடு வீட்டு வேலை முடிந்தது. பின்மூடிக்கு உள்ளே இருப்பது வேறு உலகம்.

ஏன் என்று சொல்கிறேன். பவர் போர்டில் குட்டிப் பேணி போல ஒரு பெரிய கப்பாசிட்டர் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் நாங்கள் கொள்ளளவி என்று படிப்பிப்பது இதைத்தான். சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட் ஆடலோட்டம் நேராக்கப்பட்டதும் அதன் உச்ச அளவு 325 வோல்ட். அந்த 325 வோல்ட் இந்தப் பேணியில் நிற்கும். சில டீவிகளில் 400 வோல்ட்டுக்குக் கிட்டவாகவும் நிற்கும். 100 மைக்ரோ பரட் பேணி என்று வைத்து, ½CV² என்று தரம் 11 பிள்ளையிடம் கொடுத்தால் 5 யூலுக்குக் கொஞ்சம் கூட என்று விடை வரும். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து பத்து சென்ரிமீற்றர் தூக்குகிற சக்தி. கேட்க சின்னதாக இருக்கும். அதே சக்தி ஒரு கையால் ஏறி நெஞ்சுக்குள்ளால் மற்றக் கையால் இறங்கினால் இதயத்தின் துடிப்பைக் குழப்பப் போதும்.

பிளக்கைக் கழற்றினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். நல்ல டீவியில் பவர் போர்ட் ஓடிக்கொண்டிருப்பதால் அந்தச் சேமிப்பைத் தானே செலவழித்துத் தீர்க்கும். பழுதான பவர் போர்ட் ஓடாமல் நிற்கும்போது செலவழிக்க ஆள் இல்லை. பழுதான டீவியில்தான் அது கூடுதல் நேரம் தங்கி நிற்கும். ஸ்க்ரூ டிரைவரோடு திறக்கிற பிள்ளை கையில் எடுப்பதும் அதே பழுதான டீவியைத்தான். என் வகுப்பில் தரம் 9 மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், பிளக்க கழட்டிட்டு திறந்தா கரண்ட் அடிக்காதுதானே?" அடிக்கும் மகன். இந்தப் பதிவை நான் எழுதுவதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

சரி, எண்ணுவதும் பார்ப்பதும் எங்கே உதவுகிறது என்று ஒரு டீவியை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு ராத்தா இருக்கிறார். அவருடைய உம்மா படுக்கையில். மக்கா நேரலையைப் பார்த்துக்கொண்டுதான் அந்தத் தாய் நாளைக் கழிக்கிறார். 32 இஞ்சி எல்ஈடி டீவி, ஏழு வருடம் பழசு. ஒரு நாள் எழும்பவில்லை. கடை ஒன்றில் காட்டியதற்கு, திறந்து பார்க்காமலே "பெனல் போயிட்டு" என்றிருக்கிறார்கள். மகளின் வகுப்புக் காசுக்காகச் சேர்த்த சீட்டுப் பணம் ராத்தாவிடம் இருந்தது. "அத எடுத்து புதுசு ஒண்டு வாங்கவா தம்பி? உம்மா கேட்டுக்கிட்டே இரிக்கா" என்றார்.

நான் முதலில் கேட்டது, "இதுக்கு முதல்ல எப்படி இருந்திச்சு ராத்தா?" என்றுதான். இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் எல்லாப் பரிசோதனையையும் விடப் பெறுமதியானது. இரண்டு மாதமாகவே டீவி எழும்ப நேரம் எடுத்திருக்கிறது. முதலில் இரண்டு "டிக்" சத்தத்துக்குப் பிறகு எழும்பும். பிறகு பத்து "டிக்". காலையில்தான் கஷ்டம். ஒரு தரம் எழும்பிவிட்டால் இரவு வரைக்கும் பிரச்சினை இல்லை, படமும் தெளிவு. கடைசியில் ஒரு மழை நாள் காலையில் அரை மணித்தியாலம் "டிக் டிக்" என்று அடித்து, அதற்குப் பிறகு எழும்பவே இல்லை.

எழும்பிய நாட்களில் படம் தெளிவாக இருந்ததே, பெனலை எப்படிக் குற்றம் சொல்வது? ஒரே நாளில் போகாமல் நாளுக்கு நாள் கூடிய பழுது, குளிரில் கூடிச் சூட்டில் குறைந்த பழுது, பவர் போர்டில் உள்ள கப்பாசிட்டர்கள் காய்ந்து போவதன் அடையாளம். நாங்கள் வீட்டுப் பரிசோதனைகளைச் செய்தோம். சுவர் சொக்கட்டில் நேரே போட்டும் அதே. வயர்களைக் கழற்றியும் அதே. டோர்ச்சில் ஒன்றும் தெரியவில்லை, சத்தமும் இல்லை. மின்னல் கூட்டமாக இல்லை. ஏறக்குறைய மூன்று செக்கனுக்கு ஒரு மின்னல், ஒரு "டிக்". வீடியோ எடுத்தோம். எல்லாவற்றையும் ஒரு கொப்பித் தாளில் எழுதி, பக்கத்து ஊரில் டீவி திருத்துகிற நானா ஒருவரிடம் கொண்டு போனோம்.

அவர் தாளை வாசித்துவிட்டு மூடியைத் திறந்தார். முதல் வேலை மீற்றரை எடுத்துப் பெரிய பேணியை அளந்தது. அதில் அழுத்தம் நின்றது. வயர் பிடித்த ஒரு பழைய குண்டு பல்ப்பை அதன் இரண்டு முனைக்கும் பிடித்து இறக்கினார், திரும்ப அளந்தார், அதற்குப் பிறகுதான் கை வைத்தார். ஸ்க்ரூ டிரைவரால் குறுக்கே தட்டி இறக்குகிற பழக்கம் அவரிடம் இல்லை. பொறி பறந்து போர்டும் போகும், கண்ணும் போகும் என்றார்.

பிறகு போர்டைக் காட்டினார். 12 வோல்ட் வெளியேறுகிற பக்கத்தில் இரண்டு சின்னக் கப்பாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்கவேண்டும். இவை அப்பம் போல மேலே வீங்கியிருந்தன. ஆனாலும் வீக்கத்தைக் கண்ட உடனே அவர் மாற்றவில்லை. கரண்ட் கொடுத்து அளந்தார். சின்ன வழங்கல் 5.1 வோல்ட், அசையாமல் நின்றது. பட்டனை அமத்தியதும் 12 வோல்ட் வழி 9 வரைக்கும் ஏறி விழுந்தது, "டிக்". திரும்ப ஏறி விழுந்தது, "டிக்". கரண்ட்டை நிற்பாட்டி, பேணியை இறக்கி, பேக்லைட்டுக்குப் போகிற வயரைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டார். அப்போதும் அதே. பேக்லைட் ஷோர்ட்டாகி இழுக்கவில்லை என்பது அதில் தெளிவானது.

வீங்கிய இரண்டையும் கழற்றி அளந்தபோது, 1000 மைக்ரோ பரட் என்று எழுதியிருந்தவற்றில் ஒன்று 310, மற்றது 240 காட்டியது.

கப்பாசிட்டர் காய்ந்தால் டீவி ஏன் மின்னவேண்டும்? வீட்டுக் கூரையில் இருக்கிற தண்ணீர் டேங்கை நினையுங்கள். பம்ப் விட்டு விட்டு அடித்தாலும் பைப்பில் தண்ணீர் சீராக வருகிறது, டேங்க் இடையில் இருப்பதால். பவர் போர்டும் கரண்ட்டைத் துடிப்புத் துடிப்பாகத்தான் அடிக்கிறது. அதைச் சீராக்குகிற டேங்க் இந்தக் கப்பாசிட்டர். அதற்குள் இருக்கிற திரவம் வருடக்கணக்கான சூட்டில் வற்றிப்போனால் டேங்க் சுருங்குகிறது, வெளியேறும் வழியும் அடைபடுகிறது. மெயின் போர்ட் ஒரே மூச்சாக இழுக்கும்போது அழுத்தம் விழுகிறது. கட்டுப்பாட்டுச் சிப் அதைக் கண்டு எல்லாவற்றையும் நிற்பாட்டுகிறது. கொஞ்சம் பொறுத்துத் திரும்ப முயற்சிக்கிறது. அந்த முயற்சிதான் ஒவ்வொரு "டிக்", ஒவ்வொரு மின்னல். காய்ந்த கப்பாசிட்டர் குளிரில் இன்னும் மோசமாக நடந்துகொள்ளும். பத்துத் தரம் முயற்சிக்கும்போது கொஞ்சம் சூடேறி, ஒருவாறு தாங்கும். ராத்தா சொன்ன காலைக் கஷ்டத்தின் காரணம் இதுதான்.

நானா புதிதாகப் போட்டது 1000 மைக்ரோ பரட், 25 வோல்ட், 105 பாகை என்று எழுதியவை. பழையவற்றில் 16 வோல்ட் என்றிருந்தது. தாங்கும் வோல்ட் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. 105 பாகை என்பது கூடிய சூட்டைத் தாங்குகிற வகை. 85 பாகை என்று எழுதிய மலிவானதைப் போட்டால் பெரும்பாலும் சீக்கிரமே திரும்பி வருவார்கள் என்றார். இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டு, நாலைந்து தரம் அணைத்துப் போட்டுக் காட்டினார். கூலியோடு சேர்த்து 2,500 ரூபா எடுத்தார். சீட்டுப் பணம் மகளின் வகுப்புக்கே போனது.

எல்லா டீவியும் இவ்வளவு மலிவாக முடியாது. இடி மின்னல் அடித்த டீவியில் பவர் போர்டோடு மெயின் போர்டும் சேர்ந்து போயிருக்கலாம். போர்டு மாற்றுவதென்றால் டீவியின் மாதிரி இலக்கம் மட்டும் போதாது, போர்டிலேயே அச்சடித்திருக்கிற இலக்கமும் ஒத்துவரவேண்டும். ஒரே மாதிரி டீவிக்கு இரண்டு வகைப் போர்ட் வருவதுண்டு. பெனல் உண்மையாகவே உடைந்திருந்தால், பெரும்பாலும் அதன் விலை புது டீவிக்குக் கிட்ட வந்துவிடும். அப்போது திருத்த வேண்டாம் என்று சொல்கிறவர் நேர்மையானவர். ஆனால் திறந்து அளக்காமல் "பெனல்" என்று சொல்கிறவரிடம், "எதை வைத்துச் சொல்லுறீங்க?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்.

இரண்டு சந்தர்ப்பங்களில் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். கருகிய மணம், புகை, உள்ளே வெடிக்கிற சத்தம் இருந்தால் ஒன்று. வெள்ளமோ கூரை ஒழுக்கோ பட்டு உள்ளே தண்ணீர் போயிருந்தால் மற்றது. சுவர் சுவிட்சை நிற்பாட்டி, பிளக்கைக் கழற்றுங்கள். நின்ற இடமோ சுவிட்சோ நனைந்திருந்தால் அதைத் தொடாமல் வீட்டின் மெயின் சுவிட்சை நிற்பாட்டுங்கள். காய்ந்துவிட்டதா என்று போட்டுப் பார்க்க வேண்டாம். எறும்பும் பல்லியும் உள்ளே போய்ப் போர்டில் ஒட்டிக் கருகுவதும் எங்கள் பக்கத்தில் நடக்கிறதுதான். அதையும் மூடியைத் திறந்து நீங்கள் தேட வேண்டாம். திருத்துகிறவர் பார்ப்பார்.

திருத்துகிறவரிடம் போகும்போது எழுதிக்கொண்டு போக வேண்டியவை இவ்வளவுதான். டீவியின் முழு மாதிரி இலக்கம். கூட்டமாக மின்னுகிறதா, எத்தனை, அல்லது ஒரே சீராகவா. "டிக்" சத்தம் வருகிறதா. சத்தமோ ஒரு செக்கன் வெளிச்சமோ வந்ததா, டோர்ச்சில் படம் தெரிந்ததா. திடீரென்று போனதா, நாளுக்கு நாள் கூடியதா. போவதற்கு முன் இடி மின்னலோ கரண்ட் வெட்டோ இருந்ததா. போனில் ஒரு நிமிட வீடியோ.

உங்கள் டீவி எத்தனை தரம் மின்னுகிறது என்று கீழே எழுதுகிறவர்கள் மாதிரி இலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க ஆசைப்படுகிற பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இதைக் கட்டாயம் அனுப்புங்கள். அந்த ஆசை நல்லதுதான். இன்ஷா அல்லாஹ், அதை ஆறு வோல்ட் பற்றரியிலிருந்து தொடங்கட்டும்.